தொப்பியை எடுத்துட்டா கீழே என்ன இருக்கும்?

[திரையில்: ஸ்கேன் செய்த பழைய கலர் போட்டோ. ஊட்டி, வெயில். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், முன்விளிம்பு வச்ச தொப்பி.]

இதைக் கொண்டுவந்தவங்க இவரோட பொண்ணு. அப்பா தவறிட்டார், மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேணும். அவர் வாய்விட்டுச் சிரிச்சது இந்த ஒரு போட்டோலதான். "தொப்பியை மட்டும் எடுத்துடுங்கண்ணா"ன்னாங்க.

தொப்பியை அழிக்க அஞ்சு நிமிஷம் போதும். அதுக்குக் கீழ இருக்கிறதை கேமராவே பார்க்கலையே! அதனால நான் முதல்ல கேட்டது தொப்பியில்லாத இன்னொரு போட்டோ. ஒரு கல்யாண குரூப் போட்டோ கிடைச்சது. அதுல அவர் தலை கட்டைவிரல் நகம் அளவுதான், முடியை வெட்டி ஒட்ட முடியாது. ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சது. நெத்தியோட ரெண்டு மூலையும் ஏறியிருக்கு, வகிடு அவரோட இடது பக்கம். அதாவது நாம பார்க்கிறப்போ வலது பக்கம்.

[திரையில்: முகத்தின் மேல் கோடுகள்.]

இப்போ மண்டை எவ்வளவு உயரம்னு பார்க்கணும். நேரா பார்க்கிற முகத்துல கண்ணு, தலையோட உயரத்துல ஏறக்குறைய பாதியில இருக்கும். இங்க தாடையிலிருந்து கண் வரைக்கும் 600 பிக்சல். அப்போ உச்சி கண்ணுக்கு மேல இன்னொரு 600. முடியோட கனம் அதுக்கும் மேல. மூக்கடியிலிருந்து புருவம் வரைக்கும் 330. புருவத்துக்கு மேல அதே அளவு வச்சா முடி தொடங்குற இடம் கிடைக்கும். இவருக்கு வயசை நினைச்சு இன்னும் 25 ஏத்தினேன். இந்தக் கணக்கைப் போடாம முடியை ஒட்டுறவங்கதான் மண்டையைச் சப்பையாக்கிடுவாங்க. தொப்பி புருவத்துக்குக் கிட்ட இறங்கியிருக்கும், நம்ம கண்ணும் நெத்தி அவ்வளவுதான்னு நம்பிடும்.

அடுத்தது நிழல். தொப்பியோட விளிம்பு நெத்தியிலயும் கண்ணு மேலயும் இருட்டைப் போட்டிருக்கு. தொப்பி போனப்புறம் நிழல் மட்டும் நின்னா பார்க்கிறவங்களுக்கு ஏதோ உறுத்தும், ஆனா என்னன்னு சொல்லத் தெரியாது. Photoshop-ல Curves லேயர் ஒண்ணு போட்டு, மாஸ்க்ல அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்குங்க. கன்னத்து நிறத்துக்கு வந்தா போதும். அப்புறம் மேல்நெத்திக்கு, கன்னத்துத் தோலை Clone Stamp-ல எடுத்து வளர்த்துட்டே போங்க.

[திரையில்: ஸ்டுடியோவில் எடுத்த தலை, முகம் மறைக்கப்பட்டது.]

முடிக்கு அவர் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வச்சு எடுத்தேன். ஊட்டி போட்டோல வெயில் நமக்கு இடப்பக்கம் மேலிருந்து வருது, லைட்டையும் அப்படியே வச்சேன். தம்பிக்கு வகிடு எதிர்ப்பக்கம். படத்தைத் திருப்பிட்டா போச்சுன்னு தோணும். ஆனா திருப்பினா வெளிச்சமும் திரும்பிடும். அதனால அவரை வகிடு மாத்திச் சீவச் சொல்லித்தான் எடுத்தேன். அந்த முடியை Ctrl+T, Warp-ல மண்டைக் கோட்டுக்கு வளைச்சு உட்கார வைங்க. காதுக்கு மேல ஒரிஜினல்லயே தெரியுற நரைச்ச முடியை அழிச்சுடாதீங்க. நிறத்துக்கு அதுதான் அளவுகோல்.

நான் ரொம்ப நேரம் செலவழிச்சது முன்னெத்தியிலதான். முடி தொடங்குற 'கோடு'ன்னு சொன்னாலும் அங்க கோடே கிடையாது. ஓரத்துல மெல்லிசா, இடைவெளி விட்டு, ஒண்ணொண்ணா முடி இருக்கும். ஒரு விரல் அகலம் உள்ள போனாத்தான் அடர்த்தி வரும். அதனால ஒட்டின முடியோட ஓரத்தை மாஸ்க்ல கொஞ்சம் மேல தள்ளி அழிச்சுட்டு, அந்த இடைவெளியில 2 பிக்சல் பிரஷ்ஷால நானே போட்டேன். ஒவ்வொரு முடியும் வேர்ல தடிச்சு நுனியில கரையணும், டேப்லட் பேனாவோட அழுத்தம் அதைப் பார்த்துக்கும். முழுக் கறுப்பு வேண்டாம், காதோரத்துல எடுத்த நிறம்தான். எல்லாத்தையும் ஒரே பக்கம் சாய்ச்சா சீப்பு மாதிரி நிக்கும். நடுவுல அஞ்சாறு குறுக்கே போகட்டும். முடிக்கடியில தோலைச் சட்டுனு இருட்டாக்காம, லேசா நிழல் விடுங்க.

[திரையில்: மங்கலான மரங்கள், தலையின் வெளிவிளிம்பு.]

தொப்பி தலையை விட அகலம், அதனால சுத்தி ஓட்டை விழும். பின்னாடி மங்கலான மரங்கள்தான், நிரப்பிடலாம். தொப்பி அழுத்தி காதோட மேல்நுனி வெளியே மடங்கியிருந்தது, அதை Liquify-ல உள்ள தள்ளினேன்.

கடைசியா, தம்பி முடி டிஜிட்டல் கேமராவுல எடுத்தது, கத்தி மாதிரி கூர்மை. பழைய பிரிண்ட் அப்படி இருக்காது. Gaussian Blur 1 பிக்சல், அதுக்கு மேல கொஞ்சம் Noise. மூக்கு மேல இருக்கிற மணல் மாதிரியான புள்ளியும் முடி மேல இருக்கிறதும் ஒண்ணா தெரியுற வரைக்கும்.

பொண்ணு திரையை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "நல்லா இருக்குண்ணா. ஆனா அப்பா முடி இவ்வளவு படியாது"ன்னாங்க. உச்சியில நாலு முடியைத் தூக்கி விட்டேன்.