வாட்ஸ்அப்பில் சொன்ன கிண்டல் ஏன் குத்துகிறது?

[திரையில்: ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழு. நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டின் படம்.]

வணக்கம். உதாரணத்துக்கு ஒரு உரையாடலை எடுத்துக்கொள்வோம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அக்கா, நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்து விற்கலாம் என்று தொடங்கியிருக்கிறார். முதல் பாக்கெட்டைக் கட்டி, பெயர் ஒட்டி, படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறார். "முதல் பாக்கெட் ரெடி, எப்படி இருக்கு?" மஸ்கட்டில் வேலை பார்க்கிற தம்பி உடனே பதில் போடுகிறான்.

[திரையில்: "அக்கா, இத கடிச்சா பல்லு மிஞ்சுமா 😂"]

சித்தப்பா மகன் ஒரு சிரிப்புப் பொம்மை போடுகிறான், நாத்தனார் இரண்டு போடுகிறார். அக்காவிடமிருந்து வந்தது ஒரே வார்த்தை.

[திரையில்: "சரி."]

தம்பிக்கு அதில் எதுவும் தட்டுப்படவில்லை. அடுத்த வாரம் அக்கா படம் போடவில்லை, அதற்கு அடுத்த வாரமும் போடவில்லை, வேலையில் மும்முரமாக இருப்பாள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

இதே வார்த்தையை அவன் அடுக்களை வாசலில் நின்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "போலே அங்க" என்று அக்கா கரண்டியை ஓங்கியிருப்பார், இவன் அதற்குள் ஒரு பிடி சிப்ஸை அள்ளி வாயில் போட்டிருப்பான். அந்த அள்ளல்தான் முக்கியம். வாய் கேலி செய்கிறது, கை பாராட்டுகிறது, அக்காவுக்கு இரண்டும் சேர்ந்தே போய்ச் சேருகிறது. செல்போனில் வாய் மட்டும்தான் போனது, கை இங்கேயே நின்றுவிட்டது.

சரி, அனுப்புகிறவருக்கு இது ஏன் தெரிவதில்லை? ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய ஆய்வாளர்கள் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும், சிலர் குரலில், சிலர் மின்னஞ்சலில். எந்த வழியில் சொன்னாலும் நாலில் மூன்று பங்குக்கு மேல் சரியாகப் புரியும் என்று சொன்னவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் கிட்டத்தட்ட அந்த அளவுக்குப் புரிந்துகொண்டார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது 56 சதவீதம், அதாவது காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். காரணம் ரொம்ப எளிது: டைப் பண்ணும்போது நம் மனதுக்குள் நம் குரலே ஓடுகிறது, அதன் இழுப்பும் சிரிப்பும் எழுத்தோடு சேர்ந்து போய்விட்டதாக நினைத்துவிடுகிறோம். படிக்கிறவர் தன் மனதில் ஓடுகிற குரலில்தான் படிப்பார். நாளெல்லாம் எண்ணெய்ச் சூட்டில் நின்று, விற்குமா விற்காதா என்ற பயத்தோடு இருக்கிற அக்காவுக்கு, "பல்லு மிஞ்சுமா" என்பது ஏற்கெனவே அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. காய் தடிமனாகச் சீவப்பட்டுவிட்டதோ, எண்ணெய் காயும் முன்னே போட்டுவிட்டோமோ என்று அவரே யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. அது குழு. தனியாக அனுப்பியிருந்தால் அது தம்பியின் கேலி, அவ்வளவுதான். நாத்தனார் இருக்கிற இடத்தில் சொன்னால், அது அக்காவின் உழைப்பைப் பற்றி வீடு முழுவதும் கேட்ட தீர்ப்பு. பிறகு வருகிற ஒவ்வொரு சிரிப்பும் தம்பியின் ஜோக்குக்கா, தன் சிப்ஸுக்கா என்று அக்காவுக்குத் தெரிய வழியில்லை. "சிரிப்புப் பொம்மை போட்டேனே" என்று தம்பி சொல்லலாம். ஆனால் குறை சொல்லிவிட்டு அதன் பின்னால் வைக்கிற 😂, "நான் விளையாடுகிறேன்" என்றும் படிக்கும், "உன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன்" என்றும் படிக்கும். படிக்கிறவரின் மனநிலைதான் முடிவு செய்யும்.

[திரையில்: "சரி" / "சரி."]

இப்போது அந்தப் புள்ளிக்கு வருவோம். செலியா க்ளின் தலைமையில் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றை வார்த்தைக் குறுஞ்செய்திக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தால், அது மனதாரச் சொன்னதாகப் படவில்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். கையால் எழுதிய குறிப்பில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அது ஆங்கிலத்தில் செய்தது, நம் ஆட்களில் பழக்கத்தால் எல்லாவற்றுக்கும் புள்ளி வைப்பவர்களும் உண்டு, அதனால் புள்ளியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அந்த ஆளின் வழக்கத்தோடு ஒப்பிடுங்கள். எப்போதும் மூன்று வரி எழுதி, "லேய்" போட்டுத் திருப்பித் திட்டுகிற அக்கா, இன்று ஒரே வார்த்தையில் நிறுத்துகிறார் என்றால் அதுதான் அடையாளம். கேலிக்குப் பதில் கேலி வரவில்லை என்றால் விளையாட்டில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

அப்படியானால் கேலியே பண்ணக்கூடாதா? பண்ணலாம், பண்ண வேண்டும், தூரத்தில் இருக்கிறவர்களைக் கேலிதான் பல நாள் வீட்டோடு கட்டி வைக்கிறது. அதே தம்பி இப்படி எழுதியிருக்கலாம்.

[திரையில்: "அக்கா, பாக்கெட் கடையில வாங்கினது மாதிரியே இருக்கு. இத பாத்துட்டு இங்க மெஸ் சோறு இறங்க மாட்டேங்குது. ரெண்டு கிலோ எடுத்து வை, இல்லன்னா லீவுக்கு வந்து சட்டியோட தூக்கிட்டு போவேன் 😂"]

என்ன மாறியது என்று பாருங்கள். மனதில் இருந்த பாராட்டு முதலில், நேராக, கிண்டல் கலக்காமல் வந்துவிட்டது. அடுக்களையில் கை செய்த வேலையை இங்கே அந்த முதல் வரி செய்கிறது. அப்புறம் கேலி அக்காவின் கைப்பக்குவத்தின் மேல் விழவில்லை, தம்பியின் நாக்கின் மேலும் மெஸ் சோற்றின் மேலும் விழுகிறது. அதே 😂 இப்போது எந்தக் குழப்பமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் அதற்கு முன்னால் குறை என்று எதுவும் இல்லை. கடைசியாக, "லேய், முதல்ல காசு அனுப்பு" என்று அக்கா திருப்பி அடிக்க ஒரு இடமும் கிடைக்கிறது. "பல்லு மிஞ்சுமா"வுக்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? தன் சிப்ஸுக்காக வாதாட வேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும்.

பல் ஜோக்கைத்தான் சொல்லியாக வேண்டும் என்றால் தனியாக, வாய்ஸ் மெசேஜில் சொல்லட்டும். குரலில் சிரிப்பு கேட்கும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள், அந்தப் பக்கம் "சரி." வந்துவிட்டது, இனி என்ன? வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம், அதற்குப் பிறகு அழிக்கவும் செய்யலாம், ஆனால் அக்கா படித்துவிட்ட பிறகு அழித்தால், "அழிக்கப்பட்டது" என்ற அந்த வரி குழுவில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிற்கும். அதைவிட மோசம், "சும்மா சொன்னேன், ஒரு ஜோக் கூடப் புரியாதா" என்பது. முதல் செய்தி சிப்ஸைக் குறை சொன்னது, இது அக்காவையே குறை சொல்கிறது.

கூப்பிட்டுப் பேசுங்கள். "அக்கா, அது விளையாட்டுக்குச் சொன்னேன், ஆனா உனக்கு விளையாட்டா இருந்திருக்காது, என் தப்பு" என்று சொல்லிவிட்டு, சிப்ஸைப் பற்றி நிஜமாகக் கேளுங்கள்: எத்தனை குலை வாங்கினாய், எந்த எண்ணெய், யார் வாங்குகிறார்கள். பிறகு குழுவுக்கு வந்து அந்தப் படத்துக்கே பதிலாக, நாத்தனாரும் பார்க்கிற மாதிரி, பாராட்டை எழுதுங்கள். குழுவில் பட்ட காயத்துக்குத் தனியாகச் சொன்ன வருத்தம் மட்டும் போதாது.