தாய்மாமனுக்குக் கண் எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேச வந்திருப்பது லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோயைப் பற்றி. 1871இல் தியோடர் லெபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதை விவரித்தார். அரிதான நோய்தான். ஆனால் வருகிற வயதைப் பாருங்கள்: பெரும்பாலும் 15 முதல் 35க்குள். பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம்.

ஒரு பையனை மனதில் வைத்துக்கொள்வோம். கற்பனைப் பையன்தான், ஆனால் இந்த நோய் இப்படித்தான் வரும். வயது 21. ஒருநாள் வலது கண்ணில் எழுத்து மங்குகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. சில வாரங்களில், எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுப்பகுதி அழிந்துபோய்த் தெரிகிறது. எதிரே நிற்பவரின் காது தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. சிவப்பும் பச்சையும் வெளுத்துவிடும்.

பார்வை நரம்புக்கு அழற்சி என்று நினைத்து, கையில் இரத்தக் குழாய் வழியாக ஸ்டீராய்டு மூன்று நாள் ஏற்றுகிறார்கள். அப்படி நினைப்பதில் தப்பில்லை, இளம் வயதில் அதுதான் அதிகம் வருவது. ஆனால் அழற்சி என்றால் பெரும்பாலும் கண்ணை உருட்டும்போது வலிக்கும். சில வாரங்களில் பார்வை திரும்பத் தொடங்கும். இவனுக்கு வலியும் இல்லை, முன்னேற்றமும் இல்லை. இரண்டு மாதம் போல ஆனதும் இடது கண்ணும் அதே வழியில் போகிறது. அநேகமாக எல்லாருக்கும் ஓராண்டுக்குள் இரண்டாவது கண்ணும் பாதிக்கப்படும். நாலில் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே போகும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. பையன் வீட்டுக்குள் நடமாடுவான், நாற்காலியில் முட்ட மாட்டான், ஏனென்றால் ஓரப் பார்வை அப்படியே இருக்கிறது. டார்ச் அடித்தால் கண்மணியும் நன்றாகச் சுருங்கும். அதைப் பார்த்துவிட்டு, 'படிக்கப் பிடிக்காமல் நடிக்கிறான்' என்று வீட்டில் சொல்வார்கள். கண்மணியைச் சுருக்கும் வேலையைச் செய்யும் நரம்பு செல்கள் வேறு வகை; இந்த நோய் அவற்றைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. ஆகவே கண்மணி சுருங்குவதை வைத்து நடிப்பு என்று முடிவுகட்டக் கூடாது.

கண்ணுக்குள் பார்த்தால் நரம்பு நுனி வீங்கினாற்போல் இருக்கும், சுற்றிலும் சிறு இரத்தக் குழாய்கள் நெளிந்திருக்கும். சாயம் ஏற்றிப் படம் எடுத்தால் சாயம் வெளியே கசியாது. உண்மையான வீக்கமென்றால் கசியும். சிலருக்கோ ஆரம்பத்தில் எல்லாமே இயல்பாகத் தெரியும். அதனால் உறுதி செய்ய இரத்தப் பரிசோதனைதான். மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப்பொருளில் 11778, 3460, 14484 என்ற மூன்று இடங்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த மூன்றில் ஒன்று இருக்கும். நம் பையனுக்கு 11778 என்று வருகிறது.

இனி மரபணு ஆலோசனை. நான் அதிகம் பேச விரும்புவது இதைத்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பு. அது தாயின் கருமுட்டையிலிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. நம் ஊரில் இனிஷியல் அப்பாவிடமிருந்து வருவதுபோல இது அம்மாவிடமிருந்து வருகிறது. மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும், ஆனால் மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள். ஆகவே ஆலோசகர் கேட்கும் முதல் கேள்வி, 'தாய்மாமனுக்குக் கண் எப்படி?' என்பது. அடுத்து அம்மாவின் அம்மா, பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள். 'மாமாவுக்கு வாலிப வயதிலேயே பார்வை போச்சு, குடியால் என்று சொன்னார்கள்' என்று அப்போதுதான் வெளியே வரும். சித்தப்பா, அத்தை பக்கம் இதற்குச் சம்பந்தமில்லை. குடும்பத்தில் ஒருவருக்குமே இல்லாமல் இவனுக்கு மட்டும் வருவதும் சாதாரணம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா என்று கேட்பார்கள். இல்லை. அப்பா யாராக இருந்தாலும் இது வந்திருக்கும். அதேசமயம் இந்தப் பையன் நாளை சொந்தத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும். அக்கா மகளைக் கட்டினால், அந்தப் பெண்ணுக்கும் இதே மாற்றம் அவள் அம்மா வழியாக வந்திருக்கும்; பிள்ளைகளுக்கும் போகும். போவது அவளிடமிருந்து, இவனிடமிருந்து அல்ல. தாய்மாமன் மகளைக் கட்டினால் போகாது, ஏனென்றால் மாமாவிடம் மாற்றம் இருந்தாலும் அவர் மகளுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த மாமாவே தன் அக்கா மகளைக் கட்டியிருந்தால் கணக்கு மாறிவிடும். அதற்காகத்தான் ஆலோசகர் உறவுமுறையை அவ்வளவு நோண்டிக் கேட்கிறார். வெளியில் கட்டினால் இவன் பிள்ளைகளுக்கு இது வராது. பெண் கொடுக்கத் தயங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்: ஆண் இதைக் கடத்துவதில்லை.

மூன்று இடங்களிலும் மாற்றம் இல்லை என்று வந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. இதே போலத் தோன்றும் இன்னொரு வகையை 2021இல் கண்டுபிடித்தார்கள். அது அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வர வேண்டும். அங்கே சொந்தக் கல்யாணம் கணக்கில் வரும்.

அடுத்த கேள்வி தம்பியைப் பற்றி. அவனுக்கு 16 வயது, பரிசோதிக்கலாமா? பெரும்பாலான குடும்பங்களில் அம்மாவின் எல்லா மைட்டோகாண்ட்ரியாவிலும் மாற்றம் இருக்கும். அப்படியானால் தம்பியிடமும் தங்கையிடமும் அது இருக்கிறது என்பது சோதிக்காமலே தெரியும். பார்வை போகுமா, எப்போது போகும் என்பதைச் சோதனை சொல்லாது. மாற்றம் இருப்பது வேறு, நோய் வருவது வேறு. ஆண்களில் பாதிப்பேருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் வரும் என்பது பழைய கணக்கு. 2021இல் ஆஸ்திரேலியக் குடும்பங்களை விரிவாக எண்ணியபோது ஆண்களில் 17.5 சதவீதம், பெண்களில் 5.4 சதவீதம்தான் வந்தது. நோய் வந்து மருத்துவமனைக்கு வந்த குடும்பங்களை மட்டும் எண்ணினால் தொகை பெரிதாகத்தான் தெரியும். ஒரு சிலரின் செல்களில் நல்லதும் மாறியதும் கலந்திருக்கும். அவர்களுக்கு மட்டும் அளவைப் பார்ப்பதில் பயன் உண்டு.

அம்மா அழுவார். அவர் செய்த எதனாலும் இது வரவில்லை, அவருக்கும் அவர் அம்மாவிடமிருந்து வந்ததுதான் என்று ஆலோசகர் அவரிடமும், கூட வந்தவர்களிடமும் சொல்ல வேண்டும். கூட வந்தவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தம்பிக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சிகரெட்டைத் தொடக் கூடாது. மாற்றம் உள்ளவர்களில் புகைப்பவர்களுக்குப் பார்வை போவது தெளிவாகவே அதிகம். அதிகக் குடியும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. காசநோய்க்கு எத்தாம்பூட்டால் கொடுக்க நேர்ந்தால், குடும்பத்தில் இது உண்டு என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐடெபினோன் என்ற மாத்திரை, ஒரு நாளைக்கு 900 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து. ஐரோப்பாவில் 2015இல் அனுமதி கிடைத்தது. சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது, அதற்கும் பல மாதம் ஆகும், எல்லாருக்கும் இல்லை. தானாகவே திரும்பும் வாய்ப்பு 14484 உள்ளவர்களுக்கு நல்லது, 11778க்குக் குறைவு. கண்ணுக்குள் ஊசி வழியாக மரபணுவைச் செலுத்தும் சிகிச்சை ஆய்வில் இருக்கிறது. கடைசியாக ஒன்று: சிலருக்கு இதயத் துடிப்பிலும் கோளாறு இருக்கும் என்பதால் பையனுக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். வணக்கம்.