"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்ட?"ன்னு தோழி கோபப்பட்டா என்ன பதில் போடுறது?

கேள்வி: "அக்கா, ரெண்டு வேலை கிடைச்சுது. எதுல சேரலாம்னு ஃப்ரெண்டுகிட்ட கேட்டேன். பெரிய கம்பெனிக்குப் போன்னு சொன்னா. நான் சின்ன கம்பெனியில சேர்ந்துட்டேன். 'அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்ட?'ன்னு மெசேஜ் போட்டிருக்கா. என்ன பதில் சொல்ல?"

சின்ன கம்பெனியை ஏன் எடுத்தீங்கன்னு மட்டும் விளக்கி எழுதாதீங்கம்மா. கை துறுதுறுங்கும், எனக்குத் தெரியும். ஆனா நீங்க காரணத்தை அடுக்க அடுக்க, அவங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு மறுப்பு வச்சிருப்பாங்க. முடிஞ்சுபோன முடிவு திரும்பவும் பஞ்சாயத்துக்கு வந்துடும். அவங்க கேட்டிருக்கறது வேற: "நான் சொன்னதுக்கு ஏதாவது மதிப்பு இருந்துச்சா?" அதுக்குப் பதில் சொல்லுங்க.

ஹேலி பிளண்டன்னு ஒரு ஆய்வாளர், அவங்க குழுவோட சேர்ந்து 2019-ல இதைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. யோசனை கேக்கறவங்க நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறாங்க. சொல்றவங்களோ, "இதுல எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ண என்னைக் கூப்பிட்டிருக்காங்க"ன்னு நினைச்சுக்கறாங்க. அதனாலதான் அவங்க சொன்னபடி செய்யாம விட்டா அவங்களுக்கு மனசு விலகிப் போகுது. உங்க தோழி கோபத்துக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு தோணுது.

அதனால அவங்க சொன்னதுல எது உங்களுக்கு உதவுச்சுன்னு ஒண்ணை எடுத்துச் சொல்லுங்க. "உன் யோசனைக்கு நன்றி"ன்னு மொட்டையா போட்டா அது இன்னும் எரிச்சலாகும். இப்படி எழுதலாம்:

"நீ கோபப்படறது புரியுது. எனக்காக உக்காந்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்த. நோட்டீஸ் பீரியட் எவ்வளவுன்னு கேளுன்னு நீ சொன்னதாலதான் சேர்றதுக்கு முன்னாடி அதைக் கேட்டு எழுத்துல வாங்கினேன். எல்லாத்தையும் யோசிச்சு இந்த முடிவுக்கு வந்தேன். சேர்றதுக்கு முன்னாடி உனக்குச் சொல்லியிருக்கணும், சொல்லல. அதுக்கு சாரி."

கவனிச்சீங்களா, சாரி எதுக்குன்னு? சொல்லாம விட்டதுக்கு. முடிவுக்கு இல்ல. முடிவுக்கு சாரி கேட்டா, தப்புப் பண்ணிட்டேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா அந்த வரியே வேண்டாம். நோட்டீஸ் பீரியட் நான் உதாரணத்துக்குச் சொன்னது. உங்க விஷயத்துல நிஜமா நடந்ததை எழுதுங்க. எதுவுமே உதவலைன்னா இட்டுக்கட்டாதீங்க. எனக்காக நேரம் ஒதுக்கினன்னு சொன்னாலே போதும்.

இதுக்கு அவங்க என்ன பதில் போடறாங்கன்னு பாருங்க. "சரி விடு, வேலை எப்படிப் போகுது?"ன்னா மனசு ஆறிடுச்சு. "நாளைக்கு ஏதாவதுன்னா என்கிட்ட வராத"ன்னு வந்தா அது இன்னும் வருத்தம்தான். அன்னைக்கே பதிலுக்குப் பதில் போடாம ரெண்டு நாள் விட்டு, போன்ல பேசுங்க. ஆனா வாரக்கணக்கா "இப்பவாவது அதை விட்டுட்டு வா"ன்னே சொல்லிட்டிருந்தா, "இந்த வேலையைப் பத்தி இனி பேச வேண்டாம்டி, மத்ததெல்லாம் பேசலாம்"னு நேராவே சொல்லிடுங்க.

அடுத்த தடவை அவங்ககிட்ட யோசனை கேக்கும்போது, "முடிவு நான் எடுத்துக்கறேன், எனக்குத் தெரியாம ஏதாவது விட்டிருக்கேனான்னு மட்டும் பாத்துச் சொல்லு"ன்னு சொல்லியே ஆரம்பிங்க.