26 தீர்ந்த நாள் எது? பெங்களூரு யூனிஃபார்ம் கடைக்கான சைஸ் கணக்கு

[திரையில்: அல்சூர் கடைத்தெரு. கடைக்குள் சட்டை அடுக்குகள், மேலே 24, 26, 28 என்ற அட்டைகள்.]

பெங்களூருவில் மே கடைசியில் பள்ளி திறக்கும். அதற்கு முன் வரும் சில வாரங்கள்தான் யூனிஃபார்ம் கடைக்கு வருஷம். எந்த சைஸில் எத்தனை தைக்கச் சொல்வது என்று முடிவெடுக்க, நம்மில் பலர் போன வருஷ விற்பனை நோட்டைத்தான் எடுக்கிறோம். அந்த நோட்டு சில இடங்களில் பொய் சொல்லும்.

ஒரு பள்ளி, ஒன்றாம் வகுப்பு, 80 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2 சட்டை, மொத்தம் 160.

[திரையில்: நோட்டுப் பக்கம். 24: 32, 26: 45, 28: 72, 30: 11.]

பார்த்தால் 28தான் அதிகம் ஓடியிருக்கிறது. இப்போது தேதிவாரியாகப் பாருங்கள். முதல் 100 சட்டை விற்றபோது 24இல் 20, 26இல் 45, 28இல் 30, 30இல் 5. அதற்கு மேல் 26இல் ஒரு சட்டைகூட விற்கவில்லை. காரணம், 45தான் வாங்கி வைத்திருந்தோம், தீர்ந்துவிட்டது. அப்புறம் வந்த அம்மாக்கள், "வளர்ற பிள்ளைதானே, 28 குடுங்கண்ணா" என்று வாங்கிப் போனார்கள்.

அதனால் ஒரு சைஸ் தீர்ந்த நாளோடு கணக்கை நிறுத்த வேண்டும். அதுவரை விற்ற விகிதத்தை 160க்கு விரித்தால் 24க்கு 32, 26க்கு 72, 28க்கு 48, 30க்கு 8. நோட்டின் மொத்தத்தை நம்பி ஆர்டர் கொடுத்திருந்தால் இந்த வருஷமும் 26 பாதியில் தீரும், 28 தேங்கும். பள்ளி சின்னம் போட்ட சட்டை தேங்கினால் வேறு பள்ளிக்குத் தள்ளவும் முடியாது.

[திரையில்: ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு பக்கம் பக்கமாக.]

அடுத்தது, தலை எண்ணிக்கை. இரண்டாம் வகுப்பிலும் 80 பிள்ளைகள். ஆனால் 70 பேர் அதே பள்ளியில் படித்து மேலே வந்தவர்கள். புதிதாகச் சேர்ந்த 10 பேருக்கு 20 சட்டை. பழையவர்களில் பாதிப் பேர் ஒன்று வாங்குவார்கள் என்றால் 35. மொத்தம் 55. ஒரே எண்ணிக்கை, ஆனால் சரக்கு மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே பள்ளி அலுவலகத்தில் கேட்க வேண்டியது மொத்த மாணவர் எண்ணிக்கையை அல்ல. ஒவ்வொரு வகுப்பிலும் புது அட்மிஷன் எத்தனை, பழையவர்கள் எத்தனை என்று. அந்தப் பாதி என்பது என் ஊகம். உங்கள் பில்லில் வகுப்பை எழுதி வைத்தால் உங்கள் பள்ளிக்கான உண்மையான பங்கு தெரியும்.

பழைய விகிதம் செல்லாத வருஷங்களும் உண்டு. கர்நாடகத்தில் 2025-26இல் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் 5 வயது 5 மாதம் ஆனவர்களையும் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று அரசு தளர்த்தியது. இது அந்த ஒரு வருஷத்துக்குத்தான், 2026-27 முதல் ஜூன் 1க்குள் 6 வயது நிறைய வேண்டும் என்றும் அப்போதே சொன்னது. இப்படி விதி மாறினால் சின்னப் பிள்ளைகள் யூ.கே.ஜி.யிலேயே நிற்பார்கள். ஒன்றாம் வகுப்பில் 24 குறையும், 26 கூடும். நானாக இருந்தால் அந்த 32இல் 12ஐ எடுத்து 26இல் சேர்ப்பேன். தலை எண்ணிக்கையே குறையலாம் என்பதால் யூ.கே.ஜி. பட்டியலையும் கேட்டு வாங்குவேன்.

[திரையில்: கட்டிங் மேசை, அடுக்கி விரித்த துணி.]

சரி, ஆர்டர். எல்லாவற்றையும் ஒரே தடவை தைக்கச் சொல்ல வேண்டாம். ஓரத்து சைஸ்களை, அதாவது 30ஐயும் 24ஐயும், முழுசாக முதலிலேயே வாங்கிவிடுங்கள். நடு சீசனில் 4 சட்டைக்காக எந்தக் கட்டிங் மாஸ்டரும் துணி விரிக்க மாட்டார். 26லும் 28லும் முக்கால் பங்கு மட்டும் தைத்து, மீதியை வெட்டாத துணியாக யூனிட்டிலேயே நிறுத்துங்கள். முதல் வாரம் எது வேகமாகப் போகிறதோ அந்த சைஸில் வெட்டச் சொல்லலாம். ஆனால் துணி ஒரே லாட்டிலிருந்து வர வேண்டும். அடுத்த லாட்டில் ஷேட் சற்று மாறும். ஒரு பிள்ளையின் இரண்டு சட்டை இரண்டு நிறமாகத் தெரிந்தால் சண்டை கவுண்டருக்குத்தான் வரும்.

கவுண்டரில் உட்காரும் பையனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். 26 வாங்கிப் போனவர் மறுநாள் 28க்கு மாற்றினால், பில்லிலும் 28 என்று திருத்த வேண்டும். கேட்ட சைஸ் இல்லாமல் யாராவது திரும்பிப் போனால் அதற்கும் ஒரு கோடு, தேதியோடு.