கடன் பழையது, வட்டி புதியது

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். வட்டியேற்றம் இலங்கை அரசின் கடன்சுமையைக் கூட்டியது என்பது எங்கள் அணி. அதற்கு எதிரணித் தம்பி கேட்டார்: "அக்கா, நேற்று வாங்கின கடனுக்கு நேற்றைய வட்டிதானே? மத்திய வங்கி இன்று ஏற்றினால் அரசாங்கத்துக்கு என்ன?" சபையும் கைதட்டியது.

தம்பி, என் பெரியப்பாவின் கடைக்கு வாருங்கள். வங்கியில் பத்து லட்சம் கடன். மூன்று மாதத்துக்கொரு முறை வட்டியைக் கட்டிவிட்டு, முதலைப் புதுப்பித்துக்கொள்வார். கட்டுவது 30,000 ரூபா. 2022 கடைசியில் போனார். இனி 75,000 என்று சீட்டு நீட்டினார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். "பிள்ளை, நான் புதுக்கடன் வாங்கவில்லையே?" என்றார். அந்தப் பிள்ளை, "பழைய கடன்தான் ஐயா. ஆனால் இன்றைக்கல்லவா புதிதாக எழுதுகிறோம்?" என்றது. பெரியப்பா மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க விற்கும் திறைசேரி உண்டியலும் அதேதான். 91 நாள், 182 நாள், மிஞ்சினால் 364 நாள். தவணை முடிந்தால் புது உண்டியல் விற்றுத்தான் பழையதை அடைக்கிறார்கள். 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப்புள்ளி ஏற்றியது. ஆண்டுத் தொடக்கத்தில் 8 வீதமளவில் இருந்த 91 நாள் உண்டியலின் வட்டி, ஆண்டு முடிவில் 30ஐத் தாண்டியது. அரசின் நீண்டகாலக் கடன்பத்திரங்களான முறிகளில் பழைய வட்டி அப்படியே நின்றது உண்மை. அந்த அளவுக்குத் தம்பி சொன்னது சரி.

முன்வரிசையில் இருக்கும் ஆசிரியர் ஐயா, "என் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கிடைத்ததே" என்கிறார். நல்லது ஐயா. அரசாங்கம் அதைவிடக் கூட்டிக் கொடுத்துக் கடன் வாங்கியதே, அதை யார் கட்டுவது?

எதிரணித் தங்கை, "விலைவாசி ஏறினால் கடன் கரையும்" என்றார். 2022 செப்டெம்பரில் விலையேற்றம் 70 வீதத்தை நெருங்கியது, பழைய கடன் கரைந்ததும் மெய். ஆனால் 2023 தொடக்கத்தில் ஒரு வருட உண்டியலை 29 வீதமளவில் எழுதிக் கொடுத்தோம். ஜூலைக்குள் விலையேற்றம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. எழுதிக் கொடுத்த வட்டி இறங்குமா? 2022, 2023 இரண்டு வருடமும் நாட்டின் உற்பத்தி வேறு சுருங்கியது. சாதாரணக் காலத்திலேயே நாட்டின் வருமானம் 100, கடன் 100, வட்டி 8 வீதம், வளர்ச்சி 5 வீதம் என்றால், கடன் வருமானத்தை மிஞ்சாமல் இருக்கவே வருடத்துக்கு 3 ரூபாயளவு மிச்சம் பிடிக்கவேண்டும். ஆகவே கடனின் அளவு மட்டுமல்ல, வட்டியும் நம்மைச் சாய்த்தது.

வட்டியை ஏற்றாமல் விட்டிருந்தால் ரூபா இன்னும் விழுந்திருக்குமா? இருக்கலாம். அதை நடுவர் எடைபோடட்டும்.

நான் பெரியம்மாவை நினைக்கிறேன். 2022இல் அரச வருமானம் நூறில் எழுபதுக்கு மேல் வட்டிக்கே போனது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியில் வாங்கு என்று துண்டு கொடுத்தார்கள். பெரியப்பா அந்தத் துண்டை வட்டிச் சீட்டோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த நாள் பெரியம்மாவின் கையில் காப்பு இல்லை.