மாதம் தவறாமல் வரும் வாய்ப்புண்

எல்லோருக்கும் வணக்கம்.

வாய்ப்புண் வராத ஆள் இந்த அரங்கில் இருக்க மாட்டார். சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டோம், முறுக்கு குத்தியது, ஒரு வாரம் எரிந்தது, ஆறிவிட்டது என்றால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது கிளம்புகிறது, மாதத்தில் பத்து நாள் ரசம்கூட இறங்கவில்லை என்கிறவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் அந்தப் புண்ணைக் கண்ணாடியில் பாருங்கள். வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். நடுவில் வெளுத்த மஞ்சள் படலம், சுற்றிலும் கோடு போட்டது போலச் சிவப்பு. உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடிப்பக்கம், ஓரம் என்று சதை மெத்தென்று இருக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் வரும். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஏழு முதல் பதினான்கு நாளில் தழும்பு இல்லாமல் ஆறும். இதற்கு ஆப்தஸ் புண் என்று பெயர். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஒரே டம்ளரில் குடித்ததால் வந்தது என்று யாரையும் திட்ட வேண்டாம். முதலில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக வந்து உடைந்து, ஈறிலும் மேலண்ணத்தின் கெட்டியான பகுதியிலும் புண்ணாகிறது என்றால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

நம் ஊரில் வாய்ப்புண் என்றதும் இரண்டு காரணம் சொல்வார்கள்: உடம்புச் சூடு, வயிற்றுப்புண். அமிலத்தால் வரும் வயிற்றுப்புண்ணுக்கும் இந்த வாய்ப்புண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் வயிற்றுப்புண் என்று நினைத்து வருஷக்கணக்கில் விழுங்கும் அமில மாத்திரைக்குத் தொடர்பு உண்டு. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

தூண்டுகிற விஷயங்களில் சிலவற்றை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். எப்போதும் ஒரே இடத்தில் வருகிறதா? அந்த இடத்துக்கு எதிரே உடைந்த பல், கூரான பல் ஓரம், பொருந்தாத பல்செட் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் மாறி மாறி வருகிறதென்றால் பற்பசையின் மேலுறையைப் படியுங்கள். நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு வாயின் உள்தோலை உலர்த்தி, எளிதில் புண்ணாகும்படி செய்கிறது. அது இல்லாத பற்பசைக்கு மாறி இரண்டு மாதம் பார்க்கலாம். ஒரு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிட்டால் எதுவும் தெரியாது. சிகரெட்டை நிறுத்திய முதல் சில வாரங்களில் புண் அதிகமாவது உண்டு. அதற்காக மறுபடி பிடிக்க ஆரம்பிப்பவர்களும் உண்டு, அது வேண்டாம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், பரீட்சை, தூக்கம் கெட்ட வாரம் ஆகியவற்றையும் காலண்டரில் புண் வந்த நாளோடு குறித்து வாருங்கள். மூன்று மாதக் குறிப்பு போதும், ஒரு ஒழுங்கு இருந்தால் தெரிந்துவிடும்.

மருந்து விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மீதோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. வீட்டில் யாராவது தவறுதலாக அதைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் முதலில் தெரிவது வாய் முழுக்கப் புண். அப்படி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி சத்துக் குறைவுக்கு வருவோம். வாயின் உள்தோல் உடம்பில் வேகமாகப் புதுப்பிக்கப்படும் தோல்களில் ஒன்று. ஒன்றிரண்டு வாரத்தில் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடும். புதிய செல் உண்டாக பி12, ஃபோலேட், இரும்பு மூன்றும் வேண்டும். ஏதாவது குறைந்தால் தோல் மெலிகிறது. மற்றவர்களுக்கு வெறும் கீறலாக இருப்பது இவர்களுக்குப் புண்ணாகிறது. அடிக்கடி புண் வருகிற எல்லோருக்கும் குறை இருக்கும் என்று அர்த்தமில்லை, பெரும்பாலோருக்கு ரத்தத்தில் எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் குறை இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் புண் நின்றுவிடுகிறது என்பதால் தேடிப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

ஒரு உதாரணத்தை எடுத்து விரிவாகப் பார்ப்போம். நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி, சைவம். ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் என்ற அமில மாத்திரை, அதையும் மூன்று வருஷமாக நிறுத்தவில்லை. மாதவிலக்கு ஏழெட்டு நாள், நாப்கின் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. சாப்பிட்ட கையோடு காபி. மாதா மாதம் வாய்ப்புண் வரும்போதெல்லாம் மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் பத்து வாங்கிச் சாப்பிடுவார். புண் ஒரு வாரத்தில் ஆறும். மாத்திரையால் ஆறியது என்று நினைத்துக்கொள்வார். மாத்திரை இல்லாவிட்டாலும் அந்தப் புண் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

நாக்கை நீட்டச் சொன்னால் நடுவில் வழவழவென்று சிவந்திருக்கிறது, சொரசொரப்பு இல்லை. வாயின் இரண்டு ஓரத்திலும் வெடிப்பு. கால் விரல்களில் மதமதப்பு, அதைச் சர்க்கரையால் வந்தது என்று விட்டுவிட்டார்கள். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 11.1. லேசான சோகைதான். சிவப்பணுவின் சராசரி அளவு 87, அதாவது சாதாரணம். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும். பி12 குறைந்தால் பருத்துப்போகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சிறிசும் பெரிசுமாகக் கலந்து, சராசரி மட்டும் ஒழுங்காகத் தெரியும். அதே ரிப்போர்ட்டில் அடுத்த வரிகளில் ஆர்டிடபிள்யூ என்று ஒன்று இருக்கும், அணுக்கள் எவ்வளவு ஏறுமாறான அளவில் இருக்கின்றன என்பதைச் சொல்வது. இவருக்கு அது 18.5. வழக்கமாக 14.5 வரைதான் இருக்கும். அதைப் பார்த்ததும் கேட்க வேண்டிய பரிசோதனை, இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பி12-உம். ஃபெரிட்டின் 8, சேமிப்பு காலி. பி12 148, பொதுவாக 200-க்குக் கீழே இருந்தால் குறைவு.

இத்தனை நாள் பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டும் பி12 ஏன் குறைந்தது? அந்த மாத்திரைகள் பலவற்றில் பி12 ஐந்திலிருந்து பதினைந்து மைக்ரோகிராம்தான். உணவில் இருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், ஒமிப்ரசோல் அதைக் குறைக்கிறது. பிரிந்து வந்ததும் மாத்திரையில் வந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்பட வேண்டும், அங்கே மெட்ஃபார்மின் குறுக்கே நிற்கிறது. பெரிய அளவாகக் கொடுத்தால் இந்த வழியை நம்ப வேண்டியதில்லை. அளவில் சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாகவே ஊறி உள்ளே போய்விடும். ஆயிரம் மைக்ரோகிராம் மாத்திரையில் பத்து கிடைக்கும், ஒரு நாளைக்குத் தேவை இரண்டரைக்குள். அதனால்தான் இவருக்குத் தினமும் ஆயிரம் மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது கால் மதமதப்பு இருப்பதால் தொடக்கத்தில் ஊசி. இரும்பு அந்த மாத்திரைகள் பலவற்றில் இருப்பதே இல்லை. ஃபோலிக் அமிலம் உண்டு. பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் சோகை தேறியது போலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். பரிசோதனைக்கு முன்னால் பி காம்ப்ளெக்ஸைத் தொடங்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ரத்தத்தில் அளவு தற்காலிகமாக ஏறி, குறையே இல்லாதது போல ரிப்போர்ட் வந்துவிடும்.

மணத்தக்காளிக் கீரை நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் எந்தக் கீரையிலும் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் போன்றவற்றில்தான் இருக்கிறது.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், நாள் விட்டு நாள் ஒன்று என்று சாப்பிட்டாலும் நன்றாக ஏறும், வயிற்றுத் தொல்லையும் குறைவு. காபியும் டீயும் ஒரு மணி நேரமாவது தள்ளி. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடக் கூடாது, சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் வேண்டும். கூடவே ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இவருக்குக் கருப்பை ஸ்கேன். இதே ஃபெரிட்டின் ஓர் ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ வந்தால் குடலில் கசிவு இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி வரை போயாக வேண்டும். சத்து ஏறினாலும் புண் மறுநாளே நிற்காது, இடைவெளி மெல்ல மெல்ல நீளும். மூன்று மாதத்தில் வித்தியாசமே இல்லையென்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

வேறு காரணங்கள் அபூர்வம், ஆனால் துணைக்கு ஏதாவது அடையாளத்தோடு வரும். வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவந்து பார்வை மங்கல் என்றால் பெசெட் நோய். 1937-இல் துருக்கித் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் இதை விவரித்தார். தொடர் வயிற்றுப்போக்கு, எடை குறைவு என்றால் குடல் அழற்சியான குரோன் நோய் அல்லது கோதுமையால் வரும் சீலியாக் நோய். பின்னது வட இந்தியாவில் அதிகம், தெற்கே குறைவு. குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கணக்காகக் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்தால் வெள்ளணு எண்ணிக்கையை வாரம் இரண்டு முறை வீதம் ஆறு வாரம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை பார்த்தால் குறைந்த நாள் தப்பிவிடும்.

வலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ட்ரையாம்சினலோன் 0.1 சதவீத வாய்ப்பசையை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். சுரீர் என்று முதல் உறுத்தல் தெரிந்த அன்றே போட்டால்தான் பலன். புண்ணைப் பஞ்சால் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, மிளகளவு பசையை மேலே ஒற்றி வையுங்கள். தேய்த்தால் மணல் போல உதிர்ந்து ஒட்டாது. சாப்பிட்ட பிறகும், படுக்கும் முன்னும் போட வேண்டும். ஹெர்பிஸ் புண்ணில் போடக் கூடாது.

கடைசியாக, இதுவரை சொன்ன எதிலும் சேராத புண் ஒன்று உண்டு. ஆப்தஸ் புண் வலிக்கும், ஆறும், இடம் மாறும். வலியே இல்லாமல், ஒரே இடத்தில், மூன்று வாரம் தாண்டியும் நிற்கிற புண், விரலால் தொட்டால் ஓரம் கெட்டியாக இருக்கிற புண், அதுவும் பாக்கு, புகையிலை போடுகிறவர் வாயில் என்றால், அது புற்றுநோயாக இருக்கலாம், அதற்குச் சத்து மாத்திரை தேட நேரமில்லை. பாக்கு போடுகிறவருக்குக் காரம் பட்டாலே எரிகிறது, வாயைத் திறக்க முன்போல் முடியவில்லை, மூன்று விரலைச் சேர்த்து நிறுத்தினால் பற்களுக்கு நடுவே போகவில்லை என்றால் அதுவும் அதே பட்டியல்தான். உடைந்த பல் குத்தி வந்த புண் என்று தோன்றினால் பல் மருத்துவர் அந்த ஓரத்தை மழுக்கிவிடுவார். அதன்பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், சிறு துண்டு எடுத்துச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.