சைபீரியாக் குளிர் சாங்கியில் மழையாவது எப்படி?

வணக்கம், மாணவர்களே. வானொலியில் படம் காட்ட வழியில்லை. நான் வரிக்கு ஒரு படமாகச் சொல்லிக்கொண்டே போகிறேன், நீங்கள் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

2025 ஜனவரி 10, 11 தேதிகள். சிங்கப்பூரின் சாங்கியில் இரண்டே நாளில் 255 மில்லிமீட்டர் மழை.

ஜனவரி மாதம் முழுவதும் சேர்த்தே சராசரியாக 222 மில்லிமீட்டர்தான் பெய்யும்.

இந்த மழையின் ஊற்று இங்கே இல்லை. வடக்கே 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால், பனி மூடிய சைபீரியாவில் இருக்கிறது.

அங்கே குளிர்காலத்தில் வெயில் பேருக்குத்தான். தரை உறைகிறது, தரையை ஒட்டிய காற்றும் உறைபனிக் குளிராகிறது.

குளிர்ந்த காற்று கனமானது. அது நாள்கணக்கில் அங்கேயே குவிகிறது.

குவியல் பெருத்ததும் ஒருநாள் கரை உடைத்துக்கொண்டு தெற்கே பாய்கிறது.

பூமி சுழல்வதால் நேராக வர முடியாமல், போகும் திசைக்கு வலப்பக்கம் வளைகிறது. அதனால்தான் நமக்கு அது வடகிழக்கிலிருந்து வீசுகிறது.

இப்போது காற்று தென்சீனக் கடலின் மேல். கிளம்பும்போது வறண்டிருந்த காற்று, வெதுவெதுப்பான கடலிலிருந்து நீராவியை வழியெல்லாம் அள்ளிக்கொள்கிறது.

சரி, ஈரக்காற்று வந்துவிட்டது. அது மட்டும் போதுமா? போதாது. காற்று மேலே ஏற வேண்டும்.

நிலநடுக்கோட்டுப் பக்கம் வந்ததும் அதன் வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்றும் எதிர்த்திசைக் காற்றும் முட்டுகின்றன. கீழே கடல், பக்கத்தில் நெரிசல், மேலேதான் வழி.

உயரே அழுத்தம் குறைவு, அதனால் காற்று விரிகிறது, விரிந்தால் குளிரும். சைக்கிள் டயரின் காற்றைத் திறந்துவிட்டு விரலை நீட்டிப் பாருங்கள், சில்லென்று படும்.

குளிர்ந்த நீராவி, காற்றில் மிதக்கும் கடல் உப்புத் துகள்களில் ஒட்டி, கண்ணுக்கே தெரியாத நீர்த்துளியாகிறது.

அப்படிப்பட்ட சுமார் பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரே ஒரு மழைத்துளி!

இந்த மழையை அடையாளம் காண்பது எளிது. மற்ற மாதங்களில் மாலை மழை இடியோடு வந்து, ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இதுவோ அதிக இடியில்லாமல், வானம் முழுக்கச் சாம்பல் நிறமாக, இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்யும். வெப்பநிலை 23 டிகிரிக்கு இறங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடுவோமே, அந்த நாள்கள்தான்.

அப்புறம் ஒரு வேடிக்கை. பிப்ரவரியிலும் அதே வடகிழக்குக் காற்றுதான், சில நாள் இன்னும் பலமாகவே வீசும். ஆனால் மழை குறைந்து, புல்தரை பழுத்துப்போகும். காற்றுகள் முட்டி மேலே ஏறும் பட்டை அதற்குள் நம்மைத் தாண்டித் தெற்கே, ஜாவா பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஈரக்காற்று நம் தலைக்கு மேலே ஏறாமல் கடந்துபோய், அங்கே கொட்டுகிறது.